முதல் டிராயிங் கைமாறும் முன்

இங்கிலாந்தில் 1960-களில் கோகோ என்ற வடிவமைப்பாளர் ஒரு மொபெட் எஞ்சினை உருவாக்கினார். அதைத் தயாரித்து விற்கத் தன்னிடம் தொழிற்சாலை இல்லாததால் ஏ.என். கிளார்க் என்ற பொறியியல் நிறுவனத்தை அணுகினார். பேச்சுவார்த்தை நல்லபடியாகவே போனது. வரைபடங்களைக் கொடுத்தார், எஞ்சினின் நுணுக்கங்களை விளக்கினார், உதிரிபாகங்கள் எங்கே கிடைக்கும் என்றுகூடச் சொன்னார். பிறகு பேச்சு முறிந்தது. கொஞ்ச காலத்தில் கிளார்க் நிறுவனம் 'ஸ்கேம்ப்' என்ற பெயரில் தன் சொந்த மொபெட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தன் எஞ்சின்தான் அதற்குள் ஓடுகிறது என்று கோகோ நீதிமன்றம் போனார்.

1968-இல் நீதிபதி மெகாரி சொன்ன தீர்ப்பு இன்றைக்கும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. இப்படி வழக்குப் போடுகிறவர் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும் என்றார் அவர். சொன்ன தகவல் உண்மையிலேயே ரகசியத் தன்மை உள்ளதாக இருக்க வேண்டும். அதை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று எதிராளிக்குப் புரியும் சூழலில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னவரின் அனுமதியில்லாமல் எதிராளி அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

தொழில் கூட்டுக்காகத்தான் பேசினோம் என்பதைக் காட்டுவதில் கோகோவுக்குப் பெரிய சிரமம் இருக்கவில்லை. அவர் தடுமாறியது முதல் விஷயத்தில். தான் சொன்னவற்றில் எது ரகசியம், எது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது என்று அவரால் பிரித்துக் காட்ட முடியவில்லை. அவர் கேட்ட இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. இறுதி விசாரணை வரை எஞ்சினுக்கு 5 ஷில்லிங் வீதம் ஒரு கூட்டுக் கணக்கில் போட்டுவைப்பதாகக் கிளார்க் நிறுவனம் தந்த உறுதிமொழிதான் மிச்சம்.

ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிட்டு, அதைத் தயாரித்துத் தர ஆள் தேடும் ஒவ்வொருவரும் இதே இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். விவரத்தைச் சொன்னால்தான் வேலை நடக்கும். சொல்லிவிட்டால் திரும்ப வாங்க முடியாது. தொழில் வட்டாரத்தில் 'என்டிஏ' என்று சொல்லப்படும் ரகசியக் காப்பு ஒப்பந்தம் இந்த இக்கட்டுக்காக ஏற்பட்டது. அதில் கையெழுத்து வாங்குவது எளிது. அந்தக் கையெழுத்து எதைக் காக்கிறது என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் உண்மையான வேலை.

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

தொழில் ரகசியத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. காப்புரிமைக்கு 1970-ஆம் ஆண்டுச் சட்டம், வடிவமைப்புக்கு 2000-ஆம் ஆண்டுச் சட்டம் என்று இருப்பதுபோல, 'இது என் ரகசியம்' என்று பதிவுசெய்து வைக்க எந்த அலுவலகமும் இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், நம்பிக்கையோடு சொன்னதை வைத்து ஒருவர் அநியாயமாக ஆதாயம் தேடக்கூடாது என்ற நியாயக் கோட்பாடும்தான் நமக்குள்ள இரண்டு ஆதாரங்கள்.

இரண்டாவது ஆதாரம் வெறும் பேச்சல்ல என்பதற்கு 1987-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்த்த ஜான் ரிச்சர்ட் பிராடி வழக்கு சாட்சி. கால்நடைத் தீவனப் புல்லைப் பெட்டிக்குள்ளேயே வளர்க்கும் இயந்திரம் ஒன்றை பிராடி உருவாக்கியிருந்தார். அதற்கு வெப்பம் கடத்தாத பலகைகள் வேண்டியிருந்ததால், உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் வரைபடங்களும் தொழில்நுட்ப விவரங்களும் கொடுக்கப்பட்டன. கடைசியில் பலகைக்கான ஆர்டர் போகவில்லை. ஆனால் அதேபோன்ற இயந்திரத்தை அந்த நிறுவனம் தானே செய்யத் தொடங்கியது. நீதிமன்றம் தடை விதித்தது. நம்பிக்கையில் பெற்ற தகவலை ஒருவர் தன் லாபத்துக்குத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்ற கடமை, எழுத்து ஒப்பந்தத்தை மட்டும் நம்பி நிற்பதில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அப்படியானால் ஒப்பந்தம் எதற்கு? கோகோ வழக்கையும் பிராடி வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் தெரியும். எழுத்து இல்லாவிட்டால் எது ரகசியம், எந்தச் சூழலில் சொன்னோம், எதற்காக மட்டும் சொன்னோம் என்ற ஒவ்வொன்றையும் பிற்பாடு சாட்சியத்தால் கட்டி எழுப்ப வேண்டும். நல்ல ஒப்பந்தம் இந்தக் கேள்விகளுக்கு இரு தரப்பும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் நாளிலேயே பதில் எழுதிவைத்துவிடுகிறது.

ஒரு கிரைண்டர் புஷ்

இதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். கோயம்புத்தூரில் ஓர் இளைஞர் டேபிள் டாப் வெட் கிரைண்டருக்கு ஒரு புதுப் புஷ் வடிவமைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குழவிக்கல் உருளும் தண்டில் மாட்டப்படும் சின்னப் பிளாஸ்டிக் வளையம்தான் அது. சாதாரணப் புஷ் தேய்ந்தால் கல் ஆடும், சத்தம் வரும். இவருடைய புஷ் வெகுநாள் தேயாது; அதற்குக் காரணம் இரண்டு. பிளாஸ்டிக்கில் அவர் சேர்க்கும் பொருட்களின் விகிதம் ஒன்று. உட்புறத்தில் அவர் வெட்டியிருக்கும் காடியின் வடிவம் மற்றது. அச்சு வார்க்கும் மோல்டிங் பட்டறை ஒன்றைத் தேடுகிறார்.

பட்டறைக்குப் போகும் முன் அவர் தன் வீட்டிலேயே உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை, தெரிந்ததையும் தெரியாததையும் பிரிப்பது. கிரைண்டரில் புஷ் இருக்கிறது, அது தேய்கிறது, நைலானில் செய்கிறார்கள் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். அதை ரகசியம் என்று எழுதினால் மற்றவையும் நம்பகம் இழக்கும். அவருக்கே உரியவை நான்குதான்: கலவை விகிதம், காடியின் அளவும் கோணமும், தேய்மானச் சோதனையின் முடிவுகள், எந்தக் கிரைண்டர் கம்பெனி என்ன விலைக்கு வாங்கச் சம்மதித்திருக்கிறது என்ற விவரம்.

இந்த நான்கும் ஒரே மாதிரியானவை அல்ல. காடியை யாரும் கண்ணால் பார்த்துவிடலாம். கிரைண்டர் கடைக்கு வந்த மறுநாளே ஒருவர் அதை வாங்கிக் கழற்றி அளவெடுத்தால், எந்த ஒப்பந்தமும் அவரைத் தடுக்காது. அவர் நம்மோடு கையெழுத்துப் போட்டவர் அல்ல. ஆகவே காடியைக் காக்கக் காப்புரிமைதான் வழி. முழு விவரமும் தயாராகாவிட்டாலும், முதலில் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைத் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். காப்புரிமை முகவரின் கட்டணம் தனி. 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு உரிய காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

கலவை விகிதம் வேறு வகை. பார்த்தால் தெரியாது, ஆய்வகத்தில் கொடுத்தால் என்னென்ன பொருள் என்று ஓரளவு சொல்வார்கள், கலந்த விதத்தை முழுதாகச் சொல்லிவிட முடியாது. அதனால் இதைக் காப்புரிமை விண்ணப்பத்தில் ஊரறிய எழுதாமல் ரகசியமாகவே வைத்துக்கொள்வது அவருக்கு லாபம். இங்கேதான் ஒப்பந்தத்துக்கு வேலை வருகிறது.

ஒப்பந்தத்தைவிட வலுவான காவல் ஒன்றும் இந்தக் கட்டத்தில் கைவசம் இருக்கிறது: தேவையில்லாததைச் சொல்லாமலிருப்பது. பட்டறைக்காரர் கொட்டேஷன் போட அவருக்கு என்ன வேண்டும்? புஷ்ஷின் வெளி அளவு, ஏறத்தாழ எத்தனை கிராம், எந்த வகைப் பிளாஸ்டிக், மாதம் எத்தனை ஆயிரம், டையில் எத்தனை குழி. இவ்வளவுதான். காடியின் கோணமும் கலவையும் இல்லாமலேயே விலை சொல்லிவிடலாம். விலை ஒத்துவந்த பிறகு, ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு, காடியுள்ள டிராயிங்கைக் கொடுத்தால் போதும். கலவையை அப்போதும் சொல்ல வேண்டியதில்லை. வேறோர் இடத்தில் கலந்து, குருணையாகவே மூட்டை கட்டிப் பட்டறைக்கு அனுப்பலாம். மூட்டையில் ஓர் எண் மட்டும் இருக்கும். எந்த வெப்பநிலையில் உருக்க வேண்டும் என்ற குறிப்பு கூடவே போகும்.

தாளில் இருக்கவேண்டியது

இணையத்திலிருந்து எடுத்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் கோட்டை விடுகிறார்கள். 'இந்தத் தகவலை வேறு யாருக்கும் தெரிவிக்க மாட்டேன்' என்று மட்டும் அதில் இருக்கும். கிளார்க் நிறுவனம் கோகோவின் விவரத்தை யாருக்கும் சொல்லிக் கெடுக்கவில்லை. தானே செய்து விற்றது என்பதுதான் புகார். பட்டறைக்காரர் வாயே திறக்காமல், அதே டையில் இரவு ஷிப்டில் ஆயிரம் புஷ் அடித்து வேறு கம்பெனிக்குக் கொடுத்தால் 'தெரிவிக்க மாட்டேன்' என்ற வாக்குறுதி மீறப்படவில்லை என்று வாதாடலாம். எனவே பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் வரிதான் ஒப்பந்தத்தின் உயிர். அது இப்படி இருக்கலாம்:

"இணைப்பு 1-இல் கண்ட தகவல்களையும் அவற்றிலிருந்து செய்யப்படும் டை, சாம்பிள், நகல், புகைப்படம் ஆகியவற்றையும், தகவல் தருபவருக்காக மேற்படி புஷ்ஷைத் தயாரித்துக் கொடுப்பது என்ற ஒரே நோக்கத்துக்கு மட்டுமே தகவல் பெறுபவர் பயன்படுத்துவார். தமக்காகவோ வேறு எவருக்காகவோ பயன்படுத்தமாட்டார். எழுத்துமூலமான அனுமதியின்றி எவருக்கும் வெளிப்படுத்தவும் மாட்டார்."

இதில் வரும் 'இணைப்பு 1' முக்கியம். 'எல்லாத் தொழில்நுட்பத் தகவல்களும்' என்று அகலமாக எழுதினால் அதிகப் பாதுகாப்பு என்று தோன்றும். நீதிமன்றத்தில் நேர்மாறாக நடக்கும்: எல்லாமே ரகசியம் என்பவர் எதையும் குறிப்பாகச் சொல்லவில்லை என்றாகிவிடும். இணைப்பில் டிராயிங் எண், தேதி, எத்தனையாவது திருத்தம், எத்தனை பக்கம் என்று எழுத வேண்டும். சோதனை அறிக்கைக்குத் தேதியும் பக்க எண்ணும் போதும். ரகசியத்தை அந்த இணைப்பிலேயே விளக்கி எழுதிவிடக் கூடாது; அடையாளம் மட்டும் இருக்க வேண்டும்.

அடுத்தது விதிவிலக்கு. ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்தது, பட்டறைக்காரருக்கு முன்பே தெரிந்தது, வேறொருவர் முறையாகச் சொன்னது, அவரே சொந்தமாக உருவாக்கியது, நீதிமன்றமோ அரசோ கேட்டுக் கொடுக்க நேர்வது ஆகியவை ஒப்பந்தத்தில் அடங்காது என்று எழுதுவது வழக்கம், நியாயமும்கூட. 'முன்பே தெரியும்' என்கிறவர் அதைத் தன் பழைய ஆவணத்தால் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் வாசல் அடைபடும்.

வாய்மொழியாகச் சொல்வதற்கும் இடம் ஒதுக்க வேண்டும். பட்டறையில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று பேசுவதில்தான் பாதி ரகசியம் போகிறது. 'வாய்மொழியாகச் சொன்னதை 15 நாளுக்குள் மின்னஞ்சலில் எழுதி உறுதிசெய்தால் அதுவும் ரகசியத்தில் சேரும்' என்ற நிபந்தனை பல மாதிரிகளில் உண்டு. அது இருந்தால் அந்த மின்னஞ்சலை அனுப்பியே ஆக வேண்டும். அனுப்பாமல் விட்டால், நாம் எழுதிய நிபந்தனையே நமக்கு எதிராக நிற்கும்.

காலம் இரண்டு விதமாக எழுதப்பட வேண்டும். விலை, வாடிக்கையாளர் பட்டியல் போன்றவை இரண்டு மூன்று ஆண்டில் பழையதாகிவிடும். அவற்றுக்கு 3 ஆண்டு போதும். கலவை விகிதம் போன்றவற்றுக்கு 'அது பொதுவில் தெரியவரும் வரை' என்று எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து 3 ஆண்டு என்று போட்டுவிட்டால், நான்காவது ஆண்டில் பட்டறைக்காரருக்குக் கையெழுத்தால் வந்த கட்டு எதுவும் இருக்காது.

கடைசியாக, பொருள் திரும்பி வருவது. டை நம் காசில் செய்தது என்றால் அது நம் சொத்து என்று ஒப்பந்தத்திலும் பர்ச்சேஸ் ஆர்டரிலும் இருக்க வேண்டும். ரிஜெக்ட் ஆன புஷ்ஷைச் சாக்கில் கட்டிப் பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவருக்குப் போடுவது பட்டறை வழக்கம். அதன் உள்ளே காடி அப்படியே இருக்கும். அரைத்துத் தூளாக்கியோ எண்ணித் திருப்பிக் கொடுத்தோதான் கழிக்க வேண்டும் என்று எழுத வேண்டும்.

யார் கையெழுத்து?

நம் ஊர்களில் ஒரே குடும்பத்தில் அண்ணன் பெயரில் ஒரு கம்பெனி, தம்பி பெயரில் ஒரு கம்பெனி, இரண்டுக்கும் தனித்தனி ஜிஎஸ்டி எண், நடுவில் ஒரே ஒரு சுவர் என்று இருப்பது சாதாரணம். ஒப்பந்தத்தில் ஒரு கம்பெனி மட்டும் இருந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது அதில் வராது. 'தகவல் பெறுபவரும் அவருடைய குடும்பத்தினர் நடத்தும் சகோதர நிறுவனங்களும்' என்று எழுதி, முடிந்தால் அவர்களிடமும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். கூட்டு நிறுவனம் என்றால் பங்குதாரர், பிரைவேட் லிமிடெட் என்றால் அதிகாரம் பெற்ற இயக்குநர், நிறுவனத்தின் முத்திரையோடு கையெழுத்திட வேண்டும். சூப்பர்வைசர் போட்ட கையெழுத்து நிறுவனத்தைக் கட்டுமா என்பதே ஒரு வழக்காகிவிடும்.

பட்டறைக்காரர் டையை வேறோர் இடத்தில் வெட்டச் சொல்வார். அவரிடம் வேலை பார்ப்பவர் நாளை வேறு பட்டறைக்குப் போவார். இந்தச் சங்கிலியை எப்படிக் கட்டுவது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்னுதாரணம் உண்டு. செஞ்சுரி ஸ்பின்னிங் நிறுவனம் கல்யாணில் டயர் கார்டு நூல் தயாரிக்க, வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து தொழில்நுட்பம் வாங்கியது. தகவலை ரகசியமாக வைக்க வேண்டும், தன் ஊழியர்களிடமும் அதேபோன்ற உறுதிமொழியை எழுதி வாங்க வேண்டும் என்பது அங்கிருந்து வந்த நிபந்தனை. அப்படி எழுதிக்கொடுத்த ஊழியரான நிரஞ்சன் சங்கர் கோலிகரி, ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் போட்டி நிறுவனத்துக்குப் போனார். 1967-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிரான தடையை உறுதிசெய்தது. நம் புஷ் ஒப்பந்தத்திலும் அதே வரி வேண்டும்: டை வெட்டுபவரிடமும், டிராயிங்கைப் பார்க்கும் ஊழியரிடமும் இதே அளவு கட்டுப்பாட்டை எழுதி வாங்குவார், அவர்கள் மீறினாலும் பட்டறைக்காரரே பொறுப்பு.

முத்திரைத்தாளைப் பற்றிப் பலருக்குக் குழப்பம். பதிவு அலுவலகம் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பொதுவான ஒப்பந்தத்துக்கு 20 ரூபாயாக இருந்த முத்திரைக் கட்டணம் 2024-இல் 200 ரூபாய் ஆகிவிட்டது. முத்திரை குறைந்தால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. ஆனால் பாக்கியையும் அபராதத்தையும் கட்டும்வரை நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்காது. அவசரமாகத் தடை கேட்டு நிற்கும் நாளில் அந்தத் தாமதமே பெரிய இழப்பு. மொழி தமிழாகவே இருக்கலாம். படித்துப் புரிந்து போட்ட கையெழுத்தைப் பிறகு மறுப்பது கடினம்.

எப்படிக் கேட்பது?

பலர் இந்த இடத்தில்தான் கூசுகிறார்கள். பட்டறைக்காரர் முப்பது வருட அனுபவசாலி, ஊரில் மதிப்புள்ளவர். அவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்ற தயக்கம். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"என்ன தம்பி, நம்மகிட்டயே பத்திரமா? உங்கப்பா காலத்துல இருந்து பழக்கம் நமக்கு."

"அந்தப் பழக்கத்தாலதானுங்கண்ணா முதல்ல உங்ககிட்ட வந்தேன். டை வெட்டறவர், ஷிப்டுக்கு வர்ற பசங்கன்னு நாலு கை மாறும். நாளைக்கு ஏதாவது வெளிய போனா உங்க பேர் அடிபடக்கூடாது. உங்க மெஷின் செட்டிங்க நானும் வெளிய சொல்லமாட்டேன்னு இதுலயே எழுதியிருக்கேன், பாருங்க."

"எங்க செட்டிங்குமா? சரி, குடு. ஆடிட்டர்கிட்ட காட்டிட்டு நாளைக்குப் போட்டுத் தர்றேன்."

பேச்சைத் திருப்பியது அந்தக் கடைசி வரி. மோல்டிங் பட்டறைக்கும் ரகசியம் உண்டு: பிளாஸ்டிக் எங்கிருந்து குழிக்குள் பாய வேண்டும், எத்தனை விநாடியில் ஆற வேண்டும், யாருக்கெல்லாம் வேலை செய்கிறார் என்பதெல்லாம் அவர் வருடக்கணக்கில் தேடியது. இரு தரப்பும் ஒருவர் ரகசியத்தை மற்றவர் காக்கும் பரஸ்பர ஒப்பந்தமாக எழுதினால் கேட்பவரின் கூச்சமும் குறையும், போடுபவரின் மனத்தாங்கலும் குறையும். ஆடிட்டரிடம் காட்ட ஒருநாள் கேட்டால் தாராளமாகக் கொடுக்க வேண்டும். அந்த ஒருநாளில் டிராயிங் மட்டும் போகக் கூடாது.

பெரிய கம்பெனியை அணுகினால் நிலைமை தலைகீழ். அவர்கள் தங்கள் படிவத்தைத்தான் நீட்டுவார்கள். அதில் 'எங்கள் ஊழியர்களின் நினைவில் தங்கிவிட்ட தகவலை நாங்கள் பயன்படுத்தத் தடையில்லை' என்ற பொருளில் ஒரு பிரிவு இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒரே ஒரு விகிதம்தான் நம் ரகசியம் என்றால், அதை ஒருமுறை படித்தாலே நினைவில் தங்கிவிடும். அந்தப் பிரிவை நீக்கச் சொல்ல வேண்டும்; மறுத்தால் அந்த விகிதத்தைச் சொல்லக் கூடாது. முதலீட்டாளர்கள் பலர் முதல் சந்திப்பில் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட மாட்டார்கள். ஒரே துறையில் பலருடைய யோசனையைக் கேட்பவர்கள் அவர்கள். எல்லோரிடமும் கையெழுத்துப் போட்டால் எதிலும் முதலீடு செய்ய முடியாது. அங்கே புஷ் எத்தனை நாள் உழைக்கிறது என்று காட்டலாம். எதனால் உழைக்கிறது என்பதை வெளியே விடக் கூடாது.

கையெழுத்துக்குப் பிறகு

ஒப்பந்தத்தை ஃபைலில் போட்டுவிட்டு மறந்துபோவது பரவலான வழக்கம். நாளை மீறல் நடந்தால், எந்தத் தேதியில் எந்தத் திருத்தமுள்ள டிராயிங் யார் கையில் போனது என்பதைத்தான் முதலில் காட்ட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தாளிலும் 'ரகசியம்' என்ற முத்திரையும் பிரதி எண்ணும் வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் ஒப்பந்தத் தேதியைக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். நேரில் கொடுத்தால் டெலிவரி சலானில் டிராயிங் எண்ணை எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் டிராயிங் அனுப்புவதை அறவே விட்டுவிடுவது நல்லது. ஒரு தொடுதலில் அது பத்துப் பேருக்குப் போய்விடும்.

அனுபவசாலிகள் செய்யும் ஒரு காரியமும் உண்டு. ஒவ்வொரு பட்டறைக்கும் கொடுக்கும் டிராயிங்கில், வேலையைப் பாதிக்காத ஓரிடத்தில் மிகச் சிறிய வேறுபாடு வைப்பார்கள். புஷ்ஷின் வெளி விளிம்பின் வளைவு ஒருவருக்கு 0.5 மில்லிமீட்டர், இன்னொருவருக்கு 0.6. சந்தையில் போலி தென்பட்டால், எந்தக் கையிலிருந்து போனது என்பதை அந்த விளிம்பு சொல்லிவிடும். தற்செயலாக எங்களுக்கும் அதே யோசனை தோன்றியது என்ற வாதம் அங்கே நிற்பது கடினம்.

மீறல் தெரியவந்தால் கோபத்தில் போன் செய்து திட்டுவது கூடாது. ஆதாரம் அன்றிரவே மறைந்துவிடும். முதலில் சந்தையிலிருந்து அந்தப் பொருளைப் பில்லோடு வாங்கி, அளவெடுத்து, படம்பிடித்து வைக்க வேண்டும். பிறகு வழக்கறிஞர் வழியே நோட்டீஸ், அவசரமானால் நேரே இடைக்காலத் தடை மனு. நாட்களைக் கடத்தினால் 'இத்தனை மாதம் சும்மா இருந்தவருக்கு இப்போது என்ன அவசரம்' என்று நீதிமன்றம் கேட்கும்.

எதைச் செய்யாது?

ஒப்பந்தத்தில் 'மீறினால் 1 கோடி ரூபாய்' என்று எழுதிவிட்டால் அவ்வளவும் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவு என்பதை நீதிமன்றம் முடிவுசெய்யும். டை செலவு, சோதனைச் செலவு, கைநழுவிய ஆர்டர் என்று கணக்குக் காட்டி வைத்த தொகைக்குத்தான் மதிப்பு.

'இனி 10 வருடத்துக்கு வேறு யாருக்கும் கிரைண்டர் புஷ் செய்யக் கூடாது' என்ற வரியும் பெரும்பாலும் நிற்காது. ஒருவரைத் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு. பட்டறைக்காரர் ஊரில் எல்லோருக்கும் புஷ் செய்யலாம். நம் காடியோடும் நம் கலவையோடும் செய்யத்தான் கூடாது. இந்த வித்தியாசத்தை மதித்து எழுதிய ஒப்பந்தத்தில் பட்டறைக்காரரும் தயங்காமல் கையெழுத்திடுவார், நீதிமன்றமும் அதைத் தாங்கிப் பிடிக்கும்.

ஏற்கெனவே வெளியே போனதையும் ஒப்பந்தம் திரும்பக் கொண்டுவராது. கண்காட்சியில் ஸ்டால் போட்டு எல்லோருக்கும் காட்டியதையோ, இணையத்தில் வீடியோ போட்டு விளக்கியதையோ பிறகு ரகசியம் என்று சொல்ல முடியாது. காப்புரிமைக்கும் அது கேடு. கட்டுப்பாடு எதுவும் இல்லாதவர்களிடம் வெளிப்பட்ட கண்டுபிடிப்பு புதியதல்ல என்று விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். விண்ணப்பம் முதலில், ஒப்பந்தம் அடுத்து, டிராயிங் அதன் பிறகு, கண்காட்சி கடைசியில் என்ற வரிசை மாறவே கூடாது.

இவ்வளவுக்கும் வக்கீல் செலவு அதிகமாகுமே என்று கேட்கலாம். ஒரு தடவை நன்றாக எழுதிய ஒப்பந்தம் அடுத்த பத்துப் பட்டறைக்கும் உதவும். மாறுவது இணைப்பு மட்டும்தான். அந்த இணைப்பை வக்கீல் எழுதித் தர முடியாது. தன் பொருளில் எது தனக்கே உரியது என்று கண்டுபிடித்தவருக்குத்தான் தெரியும். அதை நான்கு வரியில் எழுத இன்னும் முடியவில்லை என்றால், பட்டறைக்காரரைச் சந்திக்கும் தேதியை ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதை எழுதி முடிப்பதே மேல்.